ராவுத்தர் வீட்டு மோட்டாரும் எட்டுப் பல்பும்

"புது மோட்டார் தினம் சாயங்காலம் பிரேக்கர் விழுந்து நின்றுவிடுகிறது. பகலில் ஒழுங்காக ஓடுகிறது. நீர் செய்த வயரிங்கில்தான் கோளாறு" என்று எலக்ட்ரீஷியன் சுருளிக்குக் காலையில் ஆளிடம் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டு, நல்லமீரா ராவுத்தர் பழங்காநத்தத்து வீட்டில் நிலைகொள்ளாமல் நடந்தார். மாடித் தொட்டியில் தண்ணீர் அருவியாகக் கொட்டும் என்று சம்பந்தியிடம் பெருமையடித்திருந்தார். சம்பந்தி அன்று மாலையே வருகிறார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சுருளி வந்தார். மாடியேறியவர், தொட்டியைச் சுற்றி எரிந்த எட்டுப் பெரிய பல்புகளைக் கண்டு நின்றுவிட்டார்.

"இத யாருண்ணே மாட்டுனது?"

"நான்தான். எம்புட்டுத் தண்ணி விழுதுன்னு தெருவே பாக்கணும்ல? தோல் மண்டியில மூட்டை தூக்கி மொதலாளி ஆனவனுக்கு, பல்பு மாட்டத் தெரியாதா?"

"மோட்டார் லைன்ல மாட்டியிருக்கீகளே! அந்தப் பிரேக்கர் மோட்டாருக்கு மட்டும் போட்டது. இம்புட்டுப் பல்பும் எரியுறப்ப மோட்டாரும் கெளம்புனா அது தாங்குமா? கடுதாசில பல்பப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேண்ணே!"

வாசலில் சம்பந்தியின் வண்டி வந்து நின்றது. ராவுத்தர் பல்புகளை ஏக்கத்தோடு பார்த்தார்.

"அம்புட்டையும் அணைச்சிடுப்பா, சுருளி."

மோட்டார் தடையில்லாமல் ஓடியது. இருட்டில் தடுமாறி மாடியேறிய சம்பந்தியின் கையைப் பிடித்து, ராவுத்தர் தொட்டியில் கொட்டும் குழாய்க்குக் கீழே நீட்டினார்.

"வெளிச்சம் எதுக்குங்கிறேன்? வேகத்தைப் பாருங்க சம்பந்தி, கை நிக்குதா?"