அரை நிமிடம் வாயை மூடத் தெரியாதவள்

ரீட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் காதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பதிவைப் பத்து விநாடி கேட்டாலே, பேசுகிறவர் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனில் பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். நான் வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டு பேசினால் ஃபோனிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவள் மனதில் ஓடுவது மட்டும் அவளுக்குக் கேட்கவே கேட்காது. அதற்கு நான் என்ன செய்வேன்?

நான் அமலா. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் எங்கள் அறை. அறை என்றால் இரண்டு மேசை, ஒரு ஃபேன், ஒரு இன்வெர்ட்டர். மற்றவர்கள் பேசிப் பதிவு செய்த பாட்காஸ்டுகளை வாங்கி, இரைச்சலை எடுத்து, தேவையில்லாததை வெட்டி, கேட்கிற மாதிரி ஆக்கித் தருவது ரீட்டாவின் வேலை. அந்த எபிசோடில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று எழுதித் தருவது என் வேலை. அதற்கு ஷோ நோட்ஸ் என்று பெயர். மூன்று வருடமாக இதில்தான் எங்கள் இரண்டு அடுப்பும் எரிகிறது.

அவளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுத் தரவில்லை. கொரோனா காலத்தில் கோயில் பூட்டியிருந்தபோது, பங்குச் சாமியாரின் பிரசங்கத்தை ஃபோனில் பதிவு செய்து ஊர் வாட்ஸாப்புக்கு அனுப்பும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. சாமியார் குரலைவிட வெளியே நாய் குரைப்பதுதான் சத்தமாக இருந்தது. நாயை எடுக்க வழி தேடினாள். அப்படியே தேடிக்கொண்டே போய் லேப்டாப் தவணை வரைக்கும் வந்துவிட்டாள். அவள் நைனா இருதயநாதன், "விழுப்புரம் ஜவுளிக்கடையில பில் போடற வேலைய உட்டுட்டு, நாய் கொலைக்கறத அழிக்கறியா?" என்று மூன்று மாதம் பேசாமல் இருந்தார்.

ரேட் கார்டு அவளே எழுதினாள். அடி பேக்கேஜ் தொள்ளாயிரம்: நாற்பது நிமிட எபிசோடு, இரைச்சல் நீக்கம், எல்லாக் குரலும் ஒரே அளவில். நடு பேக்கேஜ் ஆயிரத்து எண்ணூறு: அதோடு என் ஷோ நோட்ஸ், இரண்டு தடவை திருத்தம், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் டெலிவரி. மூன்றாவது இரண்டாயிரத்து ஐந்நூறு: எல்லாமும், ஒரே நாளில். கீழே ஒரு வரி: "நேரக் கணக்கு, எல்லா ஃபைலும் வந்து சேர்ந்த பிறகு தொடங்கும்." அந்த வரி பட்டுத் தெரிந்துகொண்டது. அரை ஃபைலை அனுப்பிவிட்டு, "இன்னும் ஆகலியா?" என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த ரேட் யாருக்கு இருந்ததோ, மணிமொழிக்குக் கிடையாது. மணிமொழி வல்லத்துக்காரி, கல்லூரியில் ரீட்டாவோடு ஒரே பெஞ்ச். கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள், வாரக் கடைசியில் வந்து, இந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற பெண்களைப் பேட்டி எடுத்து ஒரு பாட்காஸ்ட் நடத்தினாள். முதல் இருபது எபிசோடு ரீட்டா சும்மா செய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு ஐந்நூறு. நான் கத்துவேன். "இருக்கட்டும்க்கா, ஸ்பான்சர் வந்தா முழுசா உனக்குத்தான்னு சொல்லியிருக்கா" என்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷோ நோட்ஸ் எழுதுவேன்.

இந்த வருடம் ஸ்பான்சர் வந்தது. ஒரு விதைக் கம்பெனி. நாற்பது எபிசோடு, வாரம் இரண்டு. எடிட்டிங் யார் செய்வார்கள் என்று காட்ட ஒரு சாம்பிளும் ரேட் கார்டும் வேண்டும் என்றார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் பக்கத்தில் எடுத்த ஒரு பழைய பதிவை வைத்துக்கொண்டு ரீட்டா மூன்று நாள் உட்கார்ந்தாள். இரைச்சலை ஒரேயடியாக எடுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அவள் எடுத்து முடித்தபோது, மிஷின் எங்கோ தெருக்கோடியில் ஓடுகிற மாதிரி அடங்கிவிட்டது. எனக்கே மெய் சிலிர்த்தது. அதையும் ரேட் கார்டையும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி மணிமொழியிடம் கொடுத்தாள்.

"கம்பெனி ஒரே நாள்ல கேப்பாங்க ரீட்டா. வேற வேலை வச்சிருந்தா உன்னால முடியாது, பாத்துக்கோ" என்றாள் மணிமொழி. ரீட்டா பார்த்துக்கொண்டாள். பாண்டிச்சேரி சமையல் நிகழ்ச்சி ஒன்று, சென்னை பங்குச்சந்தை நிகழ்ச்சி ஒன்று, மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இரண்டையும் விட்டுவிட்டாள். கையிலிருந்த கஞ்சியைக் கீழே ஊற்றிவிட்டுப் பிரியாணிக்குக் காத்திருக்கிறாய் என்று நான் சொன்னேன். சிரித்தாள். இனி அந்த நாற்பது எபிசோடு வந்தால் அறை இருக்கும். வராவிட்டால் மறுபடி விழுப்புரம், ஜவுளிக்கடை, பில். எனக்கு அந்தப் பில் மேசையும் கிடையாது.

ரீட்டா எல்லோரிடமும் பிடிவாதமாகக் கேட்கும் ஒரு விஷயம் உண்டு. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ரெக்கார்டை அமுக்கிவிட்டு, அரை நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த இடத்தின் வெறும் இரைச்சல் மட்டும் தனியாகப் பதிவாக வேண்டும். அதைக் காட்டித்தான் சாஃப்ட்வேருக்கு, இதுதான் வேண்டாதது, பேச்சுக்கு அடியில் இருக்கும் இதை எடு என்று சொல்ல முடியும். மணிமொழி அதைச் சரியாகச் செய்துவந்தாள். அந்த ஒரு தடவை தவிர.

கம்பெனியிடமிருந்து பதில் வருவதற்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கமான ஐந்நூறு ரூபாய் எபிசோடுக்கு ஃபைல் வந்தது. பனமலைப் பக்கம் அம்மாக்கண்ணு என்கிற பெண்மணி, தனியாளாக மூன்று ஏக்கர் மல்லாட்டை போடுகிறவர், அவரைக் கிணற்று மோட்டார் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்த பேட்டி. புதன்கிழமை காலை பத்தரைக்கு ரீட்டா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இரைச்சல் மாதிரியை எடுக்க முதல் அரை நிமிடத்துக்குப் போனாள்.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், அதே இடத்தில் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. "இன்னாடி?" என்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

மோட்டார் சத்தம். ரெக்கார்டை அமுக்கியாயிற்று. அம்மாக்கண்ணு மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போகிற குரல். அப்புறம் ஃபோன் அடிக்கிறது. மணிமொழி எடுத்து, ரெக்கார்டர் ஓடுவதையே மறந்து பேசுகிறாள். எதிர்முனையில் இருப்பவன் அவள் கொழுந்தன் வெற்றிவேல், தாம்பரத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன்.

"சொல்லு வெற்றி... கம்பெனிக்கு அனுப்பிட்டேன்... ஆமா, அந்த சாம்பிள்தான். ரீட்டா பண்ணதுதான், கீழ உன் ஸ்டுடியோ பேர் போட்டுட்டேன். அவளுக்கு எப்படித் தெரியப் போவுது?... ரேட் கார்டும் அவளுதே. ஒரே நாளுக்கு ரெண்டாயிரத்து ஐநூறுனு இருந்துச்சி, ரெண்டாயிரத்து எரநூறாக்கிட்டேன்... அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டா, கம்பெனியே வேற ஆளப் பாத்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம்... ஐயோ, இதை உனக்கு அனுப்பல. இங்க மோட்டார் ஓடுது, உனக்கு அத எடுக்க வராது. இந்த ஒண்ண அவளே பண்ணட்டும்."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. நான் நல்ல பேச்சு பேசுகிறவள் இல்லை. என் வாயில் வந்ததை இங்கே எழுதினால் அச்சுக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவள் உப்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்தன் வீட்டில் வைத்துவிட்டாள்.

"அப்படியே போடு ரீட்டா. மொத நிமிஷத்துலியே போடு. கம்பெனிக்காரன் கேக்கட்டும், ஊரே கேக்கட்டும். ஷோ நோட்ஸ்ல பூஜ்ஜியம் பூஜ்ஜியம்னு நேரம் போட்டு, பக்கத்துல இன்னா எழுதணும்னு எனக்குத் தெரியும்."

"வேணாம்க்கா."

"இன்னா வேணாம்? உன் வாயில மண்ணப் போட்டுட்டுப் போறா."

"நம்மகிட்ட வர ஃபைல்ல ஆயிரம் பேசுவாங்க. புருஷனத் திட்டுவாங்க, கடன்காரன்கிட்ட கெஞ்சுவாங்க. ஒண்ணு வெளிய போச்சுன்னா அப்புறம் யாரு நம்மள நம்பி அனுப்புவாங்க? அம்மாக்கண்ணு இன்னா பாவம் பண்ணாங்க? அவங்க பேச்சு இதுலதான இருக்குது."

என் கோபம் அடங்கவில்லை. கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் டீ ஆறிப் போயிற்று. அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரைக்கும் அந்த எபிசோடைச் செய்தாள். சுத்தமான அரை நிமிடம் கிடைக்காததால், அம்மாக்கண்ணு யோசிக்க நிறுத்துகிற இடங்களில் ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று பொறுக்கி, அதிலிருந்து மோட்டார் இரைச்சலைப் பிடித்தாள். ஒருமுறைகூட அழவில்லை. ஹெட்ஃபோனில் அந்தக் குரலேதான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் துடைத்துத் துடைத்து இனிமையாக்கிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஷோ நோட்ஸ் எழுதினேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஃபைலை அனுப்பவில்லை. மணிமொழிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லு ரீட்டா, ஆச்சா?"

"ஆச்சி. மணி, நீ ரெக்கார்ட அமுக்கிட்டு வெற்றிவேல்கிட்ட பேசினது ஃபைல்ல இருக்குது."

ரீட்டா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. பொய்யாகவாவது ஒரு வார்த்தை. அது வந்திருந்தால் அவள் மன்னித்திருப்பாள், நாற்பது எபிசோடும் போனாலும் மன்னித்திருப்பாள். அவ்வளவு பைத்தியக்காரி அவள்.

"அத வெட்டிட்ட இல்ல?" என்றாள் மணிமொழி.

"வெட்டிட்டேன்."

"வேற யாரும் கேக்கலியே?"

ரீட்டாவின் கண் அப்போதுதான் நிறைந்தது.

"நான் கேட்டேன் மணி" என்றாள்.

மணிமொழி, எபிசோடு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.