தங்கமுத்து முதலில் கேட்பாள்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உரும்பிராயில் என் கிணற்றை நானே வெட்டினேன், கல்லுடைக்க மட்டும் ஆள் பிடித்தேன். இரண்டு பரப்புக் குத்தகைத் தோட்டத்தில் தொடங்கி இன்று பதினெட்டுப் பரப்பு என் பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கு நட்டு வென்று காட்டிய முதல் ஆட்களில் மார்க்கண்டுவும் ஒருவன் என்று இப்போதும் சொல்லுவார்கள். சொல்லாதவர்களுக்கு நானே சொல்லுவேன்.

ஆனால் இது என் கதை இல்லை. என் வரம்புக்கு அடுத்த வரம்பில் தோட்டம் செய்கிற தங்கமுத்துவின் கதை. அவளுக்கு ஆறு பரப்பு. கணவன் இளையதம்பி மாரடைப்பில் போய்ப் பதினொரு வருடம். பிள்ளைகள் இல்லை. தண்ணீர் இறைப்பதும் மருந்து அடிப்பதும் அவளேதான்.

தோட்டத்துக்கு வருவதற்கு முன் அவள் கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட ஒரு கொமினிகேசன் கடையில் வேலை பார்த்தாள். கைத்தொலைபேசி இல்லாத காலம். வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் கதைக்க ஊரே அங்கே வரிசையில் நிற்கும். லைன் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுப்பட்ட கிழமை, ஒரு தாய் கொழும்பில் நின்ற மகனோடு கதைக்க வந்தாளாம். கூரை ஒழுகியதைச் சொன்னாள், ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், அழுதாள். லைன் அறுந்தது. "நாளைக்கு வெளிக்கிடப் போறியோ?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வராதே என்று சொல்லியிருப்பாள். அவன் அடுத்த நாள் புறப்பட்டான். வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசிப் பெட்டிக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் தங்கமுத்து சொல்லுவாளாம்: "முதல்லை கேக்கவேண்டியதைக் கேளுங்கோ. பிறகு ஆறுதலா அழுங்கோ."

ஊரில் சிலர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

கடை பூட்டுப்பட்டது. பழக்கம் போகவில்லை. எங்கள் விவசாயக் குழுவுக்கு வாட்ஸ்அப் வந்தபோது அதிலும் அப்படித்தான் எழுதினாள். விவசாயப் போதனாசிரியர் சிவகரன் அந்தக் குழுவில் இருக்கிறார். மற்றவர்கள் நோய்ப்பட்ட இலையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கும்பிடு ஒன்று போடுவார்கள். தங்கமுத்து முதலில் தன் கேள்வியை எழுதி அனுப்புவாள். பிறகு இலை எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்புவாள். படம் கடைசியில்தான்.

"படத்திலை தெரியிறதை ஏனடி பிள்ளை திருப்பி எழுதுறாய்? அவருக்குக் கண் இல்லையோ?" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

"கண் இருக்கண்ணை. படம் போய்ச் சேருமெண்டு ஆர் சொன்னது? தோட்டத்துக்கை சிக்னல் ஒரு கோடுதான் நிக்குது. படத்தோடை சேத்து எழுதினா, படம் போகாட்டி எழுத்தும் போகாது. அதுதான் தனித்தனியா விடுறன்."

"நான் அப்பிடி எழுதி ஆரிட்டையும் கேட்டதில்லை."

"ஓம், தெரியும்," என்றாள். அவ்வளவுதான்.

இந்த வருடம் தை மாதம், ஒரு வியாழக்கிழமை. நான்கு நாளாகப் பனி மூட்டம். எட்டு மணியாகியும் பனைகளின் தலை தெரியவில்லை. என் பன்னிரண்டு பரப்புக் கிழங்குச் செடியும் முழங்கால் உயரம், நட்டு அறுபது நாள். வாய்க்கால் ஓரமாக நடந்தபோது சில இலைகளின் நுனியில் தண்ணீர் ஊறினது போலக் கருமை கண்டேன். கையளவு இடம்தான். பனி எரித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் முழுதாக நம்ப முடியவில்லை.

பதினொரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதத் தெரியாததால் இல்லை. ஒற்றை விரலால் தட்டுவேன். கிழங்கு நட்டு வென்று காட்டியவன் இது என்னவென்று எல்லாருக்கும் முன்னால் கேட்பதா? படம் போட்டால் கேட்டதாகவும் இருக்காது, பதிலும் வரும். அதுதான் என் கணக்கு.

அன்று காலையே தங்கமுத்துவும் தன் பக்கத்தில் அதே கருமையைக் கண்டிருக்கிறாள். அவள் எழுதியது இப்போதும் என் தொலைபேசியில் இருக்கிறது:

"சேர், இண்டைக்கே மருந்து அடிக்கவோ, ரெண்டு நாள் பாக்கலாமோ?"

அதற்குக் கீழே தனியாக: "உருளைக்கிழங்கு, நட்டு அம்பத்தெட்டு நாள். இலை நுனியிலையும் கரையிலையும் கறுத்த ஈரப் புள்ளி, சுத்திவர வெளிறின பச்சை. வளையம் ஒண்டும் இல்லை. விடியப் பிரட்டிப் பாத்தா அடியிலை வெள்ளையாப் பூஞ்சணம். இருவது செடியளவிலை. நாலு நாளாப் பனி."

பிறகு படம். அது போகவில்லையாம். வட்டம் சுற்றிக்கொண்டே நின்றதாம்.

சிவகரன் அந்தக் கிழமை பயிற்சிக்காக மலைநாட்டில் நின்றார். அங்கே எழுத்து மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்கு முன் அவளுக்குப் பதில் வந்தது. "தங்கமுத்து அக்கா, படம் வரேல்லை. நீங்கள் எழுதினபடி அடியிலை வெள்ளைப் பூஞ்சணம் இருந்தா அது வெளிறல் நோய்தான், பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். பனி காய்ஞ்ச பிறகு இண்டைக்கே அடியுங்கோ, இலையின்ரை அடியிலையும் படவேணும். பட்ட செடியளைப் பையிலை போட்டுக் கட்டித் தூரக் கொண்டுபோய் மண்ணுக்கை தாட்டுவிடுங்கோ. பின்னேரம் தண்ணி இறைக்க வேண்டாம்." எந்த மருந்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்பதும் கீழே இருந்தது.

எனக்கும் ஒரு வரி வந்தது. "மார்க்கண்டு ஐயா, பதினொரு படமும் திறபடேல்லை. என்ன பிரச்சினை எண்டு எழுதுங்கோ."

நான் என்ன செய்தேன்? அதே பதினொரு படத்தையும் திருப்பி அனுப்பினேன்.

தங்கமுத்துவுக்கு வந்த பதிலை நான் வாசிக்காமல் இல்லை. அது அவளுடைய தோட்டத்துக்கு வந்த பதில், எனக்கு வேறு பதில் வரும் என்று இருந்துவிட்டேன். என் இலையைப் பிரட்டிப் பார்க்கவும் இல்லை. நாலு மணிக்கு மோட்டரைப் போட்டுப் பன்னிரண்டு பரப்புக்கும் தண்ணீர் இறைத்தேன். அந்த நேரம் வரம்புக்கு அங்காலே அவள் முதுகில் மருந்தடிக்கிற மெசினோடு குனிந்து நின்று இலையின் அடிக்கு அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் வாய்க்காலைப் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த நிரைக்குப் போனாள்.

வெள்ளி பனி. சனியும் பனி. சனிக்கிழமை காலை படலையைத் திறக்கும்போதே மணம் வந்தது. அவிந்த இலையின் மணம். தோட்டத்தின் நடுவில் ஒரு பாய் விரித்த மாதிரிக் கறுத்துக் கிடந்தது. நான் வேறு பக்கமாகப் போனேன். ஞாயிறு அந்தப் பாய் மூன்று பாயாகியது. இரண்டாம் முறை அனுப்பிய படங்களும் திறபடவில்லை என்று சிவகரன் எழுதியிருந்தார். வாசித்துவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

திங்கள் காலை தங்கமுத்து வரம்புக்கு வந்தாள். ஒரு நாளும் என் பக்கம் வராதவள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை.

"மார்க்கண்டு அண்ணை, உங்கடை செடியளை இண்டைக்கு வெட்டி எடுக்கிறியளோ?"

அவள் பிறகுதான் மற்றதைச் சொன்னாள்.

"காத்து உங்கடை பக்கத்தாலை வருது. வியாழன் நான் பிடுங்கின இடம் சுத்தமா நிண்டது. இண்டைக்கு வரம்போரத்து நாலு நிரையிலை புதுப் புள்ளி. திருப்பி அடிச்சுப்போட்டன். ஆனா உங்கடை நிக்குமட்டும் நான் அடிச்சு என்ன?"

"எனக்குப் புத்தி சொல்ல வந்தனியோ? நீ பிறக்க முந்தி நான் மம்பட்டி பிடிச்சவன்!"

"ஓமண்ணை, பிடிச்சனியள். நான் புத்தி சொல்லேல்லை, கேள்விதான் கேட்டனான். ஓமோ, இல்லையோ?"

அந்தக் கேள்விக்குப் பக்கத்தால் போக வழி இல்லை. பனி அவள் தலைமுடியில் துளி துளியாக நின்றது. அவளுக்குப் பின்னால் ஆறு பரப்பும் பச்சையாக இருந்தது. என் காலடியில் ஓர் இலையைப் பிரட்டினேன். அடியில் வெள்ளை மா தூவின மாதிரி.

தொலைபேசியை எடுத்தேன். ஐம்பது வருடத் தோட்டத்தில் முதல் தடவை எழுதினேன். "சேர் செடியை வெட்டவோ விடவோ". பிறகு தனியாக: "அறுவத்தினாலு நாள். முக்காவாசி கறுத்திட்டுது. தண்டும் கறுப்பு. அடியிலை வெள்ளை." படம் போடவில்லை.

ஐந்து நிமிடத்தில் வந்தது. "முக்காவாசி எண்டா வெட்டுங்கோ ஐயா, இண்டைக்கே. இலையைத் தோட்டத்துக்கை விடாதேங்கோ. கிழங்கை உடனை கிண்ட வேண்டாம், ரெண்டு கிழமை மண்ணுக்கை விடுங்கோ, தோல் முத்தட்டும். தண்ணி இறைக்க வேண்டாம்."

வெயில் வந்து இலை காய்ந்ததும் தொடங்கினோம். மூன்று ஆட்களும் நானும். கூப்பிடாமலே தங்கமுத்துவும் வரம்போரத்தில் இருந்து வெட்டி வந்தாள். பொழுதுபட முன் பன்னிரண்டு பரப்பும் மொட்டை. பச்சை இல்லாத என் தோட்டத்தைத் தை மாதத்தில் நான் கண்டதில்லை.

இரண்டு கிழமை மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த நாட்களில் நான் நித்திரை கொண்டது குறைவு. கிண்டிய அன்று முதல் பாத்தியில் கோழிமுட்டை அளவில் நல்ல கிழங்கு வந்தது. சிரித்தேன். இரண்டாம் பாத்தியில் கையில் எடுத்தது நசிந்தது. தோலுக்குக் கீழே மண்ணிறமாக ஓடியிருந்தது. பத்துக்கு நாலு அப்படி. தங்கமுத்துவுக்கு வரம்போரத்து நாலு நிரையும் போய்விட்டன, மற்றதைக் காப்பாற்றினாள். நாலு நிரை எப்படிப் போனதென்று குழுவில் அவள் ஒரு சொல் எழுதவில்லை. நானும் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய பழுதான மெசினைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான். திருத்த எனக்குத்தான் தெரியும்.

இப்போது மார்கழி முடிகிறது. இரண்டு பேரும் திருப்பி நட்டிருக்கிறோம். நேற்றும் இன்றும் பனி இறங்கியிருக்கிறது, கிணற்றடியில் நின்றால் வரம்பு தெரியவில்லை. வாய்க்கால் ஓரம் ஒரு செடியில் இரண்டு இலை நுனி கறுத்திருக்கிறது. பிரட்டிப் பார்த்தேன். என் கேள்வி சிவகரனுக்குப் போய்விட்டது, கீழே இலையைப் பற்றி எழுதியதும் போய்விட்டது. படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பனிக்குள், வரம்புக்கு அங்காலே, தங்கமுத்து மெசினைப் பம்படித்துப் பார்க்கிற சத்தம் கேட்கிறது.