மொட்டைத் தலைகளுக்கு நடுவே தாய்மாமன்

'என்னைத் தெரியுதா?' என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியவில்லை. தெரியாது. பேரைச் சொல்லித் தொலைத்தால் வேலை முடிந்தது. அதைச் சொல்லாமல் முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து இளிப்பார்கள். பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிந்துவிடுமா?

எனக்குக் கண்ணில் கோளாறு இல்லை. மூக்கு, மீசை, பல்லிடுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரில் நிற்பவன் சிரிக்கிறானா முறைக்கிறானா என்பதும் தெரியும். அது யாருடைய முகம் என்பதுதான் தெரியாது. பிறவியிலேயே மூளை இப்படி, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல், நடை, முடி, உடை, நிற்கிற இடம் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பேன். கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. அங்கே நடைதான் எனக்கு அடையாள அட்டை.

தங்கச்சி மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஏறாது. அவர் சுருட்டை முடிக்காரர். ஒருநாள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்றிருக்கிறார். நான் போய், "அண்ணே, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றேன். பதில் பேசாமல் தள்ளி நிறுத்தினார். பேசியிருந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பேன். அன்றோடு பேச்சு நின்றது. கட்டிக்கொடுத்த மாப்பிள்ளையை மதிக்காத திமிர் பிடித்தவன் என்று அவர் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர்கள் பிள்ளைக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தத் தேதி வைத்தபோது, என் மடியில் உட்கார வைக்கக் கூடாது, எங்கள் சித்தப்பா மகன் மடியே போதும் என்றார் மாப்பிள்ளை. கூடப் பிறந்த தாய்மாமன் உயிரோடு இருக்க, வேறொருத்தன் மடியில் காது குத்துவதா? தங்கச்சி சண்டை போட்டு எனக்கு அந்த இடத்தை வாங்கித் தந்தாள். முதல்நாள் போனில், "அண்ணே, அங்க ஒரு தப்பு நடந்துச்சுன்னா இந்த வீட்டுல எனக்குப் பேச வாயில்ல" என்றாள்.

நானும் விவரமாகத்தான் போனேன். மாமன் எடுத்துக் கொடுக்கும் உடுப்புதானே போடுவார்கள் என்று மஞ்சள் பட்டுச் சட்டை வாங்கியிருந்தேன். மொட்டைக்குப் பிறகு மஞ்சள் சட்டையைத் தேடினால் போதும்.

கோயிலில் அன்று மூன்று வீட்டுக் காதுகுத்து. பெரியவர்களிலும் பாதிப்பேர் மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம். முடியை வைத்து ஒருத்தரையும் பிடிக்க வழியில்லை. நல்லவேளை, காது குத்தும் ஆசாரி பக்கத்தில் மஞ்சள் சட்டையில் ஒரு குட்டி மொட்டை நின்றது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதுவும் வாழைப்பழத்தைத் தின்றபடி அமைதியாக உட்கார்ந்தது. ஆசாரி கம்பியை எடுத்தார்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு அழுகை கேட்டது. கரகரவென்று, மோட்டாரில் தண்ணீர் ஏறாத மாதிரி விட்டுவிட்டு. அது என் மருமகன் அழுகை. போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"ஆசாரி, நிறுத்துங்க," என்றேன். "இது எங்க பிள்ளை இல்ல."

ஆசாரி என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "பெறகு ஏண்ணே மடியில வச்சிருக்கீக?"

அதற்குள் ஒரு பெண் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை பிடிப்பவன் என்று யாரோ சத்தம் போட்டார்கள். கூட்டம் கூடியது. நான் வாங்கிய சட்டை தலை நுழையவில்லையாம். மருமகன் வேறு எதையோ போட்டுக்கொண்டு தங்கச்சி இடுப்பில் கத்திக்கொண்டிருந்தான். அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியாவிட்டாலும், அதில் இருந்த அவமானம் தெரிந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்தில் நின்ற மொட்டையிடம், "இப்பச் சந்தோசமா மாப்ள? வேணும்னு செஞ்சா, எவனாவது ஊரான் பிள்ளைக்குக் காது குத்துவானா?" என்று கத்தினேன்.

அந்த மனிதர் பயந்துபோய், "நான் சமையல்காரன்ண்ணே" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே வந்து, மருமகனைத் தங்கச்சியிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்தார். இதுவும் ஒரு மொட்டை. மீசையையும் எடுத்திருந்தது. இனி யாரையும் கூப்பிடுவதாக இல்லை.

"நான்தான் மச்சான், ஒங்க தங்கச்சி புருசன்," என்றது அந்த மொட்டை. "பிள்ளையக் கெட்டியாப் பிடிங்க."

இவ்வளவுதான் நான் கேட்டது. இதைச் சொல்ல இத்தனை வருஷம். மருமகன் என் சட்டையெல்லாம் மூக்கு ஒழுக்கி அலற, காது குத்தி முடிந்தது.

எனக்கு முகம் பிடிபடாத விஷயம் அவர்கள் சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. பந்தியில் என் இலைக்கு எதிரே ஒரு மொட்டை குனிந்து, ரொம்ப அக்கறையாக, "நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனது. எவன் என்று இன்றுவரை தெரியாது.