கடைசி ஜோடி

எங்கள் கல்லூரியில் எதைத் தொடங்கினாலும் முதலில் பேனர் வந்துவிடும். அந்த வருடமும் அப்படித்தான். ‘வழிகாட்டித் திட்டத் தொடக்க விழா’ என்று அரங்க வாசலில் கட்டியிருந்தார்கள். அதில் தாளாளர் படம் பெரிதாகவும் அவர் மனைவி படம் கொஞ்சம் சின்னதாகவும் இருந்தன. திட்டத்தை யோசித்து, முதல்வரிடம் நடையாய் நடந்து சம்மதம் வாங்கிய மிஸ்ஸின் பெயர் பேனரில் எங்கேயும் இல்லை. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

மிஸ் எங்களுக்குக் கணக்குப் பதிவியல் எடுத்தவர். வகுப்பில் சிரிக்கவே மாட்டார். ஆனால் தேர்வில் கோட்டை விட்டவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல என்ன பிரச்சினை?” என்றுதான் முதலில் கேட்பார். முந்தைய வருடம் அவர் கணவர் இறந்துபோனார். விடுப்பு முடிந்து வந்தபோது நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு இருந்தது, தலையில் பூ இல்லை. மற்றபடி அதே குரல், அதே கண்டிப்பு.

என் அம்மாவுக்கும் அதே கறுப்புப் பொட்டுதான். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதன்பிறகு அம்மா நெரவியிலிருந்து தினமும் பஸ் ஏறி, காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டு அடுத்தவர்களுக்குக் கல்யாணப் புடவை விரித்துக் காட்டுவாள். ஆனால் எனக்கு ஒரு முழம் பூ வைத்துவிட மாட்டாள். நல்ல நாள் என்றால் பூவை வாங்கி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவாள். “நீயே வையேன்” என்று நான் ஒருமுறை சண்டை போட்டேன். “எதுக்குடி வம்பு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பி.காம். முடித்ததும் பாண்டிச்சேரிக்குப் போய் எம்.காம். படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மிஸ் அங்கே விடுதியில் தங்கிப் படித்தவர். எங்கே விண்ணப்பிப்பது, உதவித்தொகை எப்படிக் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், வீட்டில் பேச ஓர் ஆள் வேண்டும். மாமா அதற்குள் எனக்கு ஜாதகம் எடுத்துக்கொண்டு அலைய ஆரம்பித்திருந்தார். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் நினைத்ததை யாராவது பெரியவர்கள் சொன்னால் அம்மா கேட்பாள் என்று நம்பினேன்.

திட்டம் இதுதான். ஓர் ஆசிரியைக்கு ஒரு மாணவி. எந்தெந்த ஆசிரியை என்றால் சௌகரியம் என்று எங்களை ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் மிஸ்ஸின் பெயரை மட்டும் சொன்னேன். “இன்னும் ரெண்டு பேர் சொல்லணும்” என்றார் கேட்டுக்கொண்டிருந்தவர். வேறு யாரும் வேண்டாம் என்று சாதித்தேன். அந்தந்த ஆசிரியைகளையும் கேட்ட பிறகுதான் ஜோடிகளை முடிவு செய்தார்கள். மிஸ் என்னை ஏற்றுக்கொண்டார் என்று தெரிந்த அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே வந்தேன்.

விழாவுக்குப் பெற்றோரையும் கூப்பிட வேண்டும் என்று மிஸ்தான் பிடிவாதமாக இருந்தார். நம் ஊரில் ஒரு பெண் கல்லூரி விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலே கேள்வி வரும். எந்த ஆசிரியையோடு, எதற்காக உட்கார்ந்து பேசுகிறாள் என்று எல்லோருக்கும் நேரில் தெரிந்துவிட்டால் பிறகு பேச்சு வராது என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்குதான்.

விழாவன்று காலையில் ஒத்திகை பார்த்தோம். முதலில் மேடையேறப்போவது எங்கள் ஜோடி. எப்படி நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று மற்றவர்கள் எங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மேடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆசிரியை ஒரு வாக்கியம் பேசுவார், மாணவி ஒரு வாக்கியம் பேசுவாள், இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மதியம் தாளாளரின் மனைவி வந்தார். கூடவே ஒரு கூடை நிறைய மல்லிகைச் சரமும் வெள்ளித் தட்டில் குங்குமமும் வந்தன. “சும்மா பேசிட்டு எறங்குனா நல்லாவா இருக்கும்? ஒவ்வொரு மேடமும் அந்தப் பொண்ணுக்குக் குங்குமம் வச்சு, பூ வச்சு விடட்டும். மங்களகரமா இருக்கும்” என்றார். நல்ல மனுஷிதான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதுதான் இன்னும் கஷ்டம். மற்ற சமயத்துப் பெண்களுக்கு ஒரு ரோஜா கொடுத்தால் போதும் என்று அவரே முன்கூட்டி யோசித்து அதையும் வாங்கி வந்திருந்தார். பிறகு மிஸ்ஸைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. முதல்வரை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். முதல்வர் திரும்பி வந்து, “உங்க ஜோடி கடைசியில வரட்டும் மேடம், அதுதான் சரியா இருக்கும்” என்றார்.

மிஸ், “சரி சார்” என்றார். கையிலிருந்த தாளில் எங்கள் பெயரை அடித்து, கீழே எழுதிக்கொண்டார்.

அம்மா கடையில் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தாள். வாசலில் சந்தனம், குங்குமத்தோடு நின்ற பெண் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தடுமாறினாள். அந்தப் பெண்ணுக்குக் கஷ்டம் கொடுக்காமல் அம்மாவே ஒதுங்கி உள்ளே வந்துவிட்டாள். முன்னால் எத்தனையோ நாற்காலிகள் காலியாக இருந்தும் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல்வர் வரவேற்றதும் திட்டத்தின் நோக்கத்தை விளக்க மிஸ் மைக் முன்னால் வந்தார். “இது மார்க் குறைஞ்சவங்களுக்கான டியூஷன் இல்லை. தப்பு பண்ணவங்களைத் திருத்துற ஏற்பாடும் இல்லை. பதினைஞ்சு நாளுக்கு ஒருமுறை உங்க பொண்ணு ஒரு ஆசிரியைகிட்ட ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசலாம். பேசுறது அவங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் வெளியில சொல்லுவோம்.” மேலே மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. “ஒருத்தருக்கொருத்தர் ஒத்துவரலைன்னா முதல் மாசத்துக்குள்ள மாத்திக்கலாம். மாணவியும் கேக்கலாம், பெத்தவங்களும் கேக்கலாம். யாரும் காரணம் சொல்ல வேண்டாம். நாங்களும் கேக்க மாட்டோம்.”

பிறகு ஜோடிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஆசிரியையும் பூ வைத்துவிட, ஒவ்வொருத்தியும் வெட்கத்தோடு தன் வாக்கியத்தைச் சொன்னாள். “மேடையில பேசுற பயம் போகணும்” என்று ஒருத்தி சொல்லும்போதே குரல் நடுங்க, அரங்கமே சிரித்துக் கைதட்டியது. நல்ல விழாதான். எங்கள் முறை வரும்வரை நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் மேடையேறி நின்றோம். தட்டு மிஸ்ஸிடம் வரவில்லை. தாளாளரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சிரித்த முகத்தோடு என் நெற்றியில் குங்குமம் வைத்து, தலையில் பூவும் வைத்துவிட்டார். அதுவரை எல்லோருக்கும் நடந்தது எனக்கு மட்டும் ஏன் மாறி நடக்கிறது என்று அரங்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எனக்குப் பூவைப் பிய்த்து எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. பூ முடிந்ததும் மிஸ் மைக்கை வாங்கினார். “இவ கேக்குற கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. கூட இருப்பேன்” என்றார். நான், “எம்.காம். படிக்கப் பாண்டிச்சேரி போகணும்” என்றேன். கைதட்டல் வந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். அம்மா கைதட்டவில்லை.

பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பாமல் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். நான் பாண்டிச்சேரி என்று சொன்னதற்குத்தான் கோபம் என்று நினைத்து, பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

“அந்த மேடம் வேணாம்டி. வேற யாரையாவது கேளு” என்றாள்.

“ஏன்?”

“நாலு பேரு முன்னாடி உன் பேரையும் அவங்க பேரையும் சேத்துச் சொல்லிட்டாங்க. மாமா பாத்துக்கிட்டு இருக்குற எடத்துல நாளைக்கு ஒரு பேச்சு வந்தா?”

“அம்மா, நீயும் அப்படித்தானம்மா இருக்க?”

“அதான்டி சொல்றேன். உன் பக்கத்துல நான் ஒருத்தி நிக்கிறது போதும்.”

எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ‘மிஸ்ஸை மாற்றலாம், உன்னை எப்படி மாற்றுவது’ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மாமாவிடம் ஏதும் சொல்லிக்கொள்ளாமல், திங்கட்கிழமை அம்மாவே கல்லூரிக்கு வந்தாள். நான் வரமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மிஸ் தன் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, உக்காருங்க” என்றார். அம்மா உட்காரவில்லை. இரண்டு கறுப்புப் பொட்டுகளும் எதிரெதிரே நின்றன.

“மாத்திக்கலாம்னு மைக்ல சொன்னீங்களே மேடம்” என்றாள் அம்மா. அவள் குரல் கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாகிவிட்டிருந்தது.

மிஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ஆமாங்க, சொன்னேன். மாத்திடுறேன்” என்றார். பிறகு என்னிடம், “ஆங்கில மேடம் நல்லாப் பாத்துப்பாங்க. பாண்டிச்சேரி விவரம் எல்லாம் அவங்ககிட்ட கொடுத்து வைக்கிறேன்” என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த விவரங்களை அவர் ஆங்கில மேடத்திடம் கொடுத்தார். மேடமும் நல்லவர்தான். ஆனால் மாமாவிடம் வந்து பேசுகிற ஆள் இல்லை. நான் பாண்டிச்சேரி போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை திரும்பும்போது பேருந்து நிலையத்தில் அம்மா, “ஏன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் ஒரு பொய் யோசிச்சு வச்சிருந்தேன். கேக்கவே இல்லியே” என்றாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என்ன தோன்றியதோ, பூக்காரியிடம் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தாள்.

நான் திரும்பி நின்று தலையைக் காட்டினேன். “நீயே வச்சு விடும்மா.”

ரொம்ப நேரம் பின்னால் எதுவும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா கையில் பூவோடு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூவை இலையில் மடித்து என் கையில் வைத்தாள்.

“வீட்டுக்குப் போனதும் அக்கா வச்சு விடும். பஸ் வந்துருச்சு, ஏறு” என்றாள்.