ஏறுதா, இறங்குதா

சூசானுக்கு எதிர்ச்சொற்கள்தான் எதிரியாகிப் போயின. போன மழைக்காலத்தில் மூளையில் ரத்தம் கட்டி மருத்துவமனையில் கிடந்தாள். கை கால் மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சும் வந்தது. ஆனால் சில சொற்கள் இடம் மாறி வந்தன. கதவைத் திறக்கச் சொல்ல நினைத்தால் "மூடு" என்று வாய் சொல்லும். அதைவிடக் கொடுமை, தான் மாற்றிச் சொன்னது அவள் காதுக்கே கேட்காது. எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள்.

புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதப் பேராசிரியை அவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகள். கணவன் அர்மானின் அண்ணன் அலெக்சி குடும்பத்தோடு பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறார். "இங்க வந்துடுங்க, வைத்தியமும் நல்லாக் கெடைக்கும், அவளுக்கு வேலையே வேணாம்" என்று வாராவாரம் போனில் சொல்வார். அர்மானுக்கும் பாதி மனசு அங்கேதான். சூசான் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

விடுப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று, துறைத்தலைவர் விஜயராகவன் நேரடியாகவே சொன்னார்.

"மேடம், உங்க அறிவுல எனக்குச் சந்தேகம் இல்ல. கிளாஸ்ல என்ன ஆகுதுன்னு ஒரு தடவ நான் பாக்கணும். அப்புறம்தான் டைம்டேபிள்."

முதலாமாண்டு வகுப்பு. பாடம், வகைக்கெழுவை வைத்துச் சமனின்மைகளை நிறுவுவது. eˣ எப்போதும் 1 + x-ஐவிடச் சிறியதல்ல என்று காட்ட வேண்டும். வகைக்கெழு நேர்மமானால் கோடு ஏறும், எதிர்மமானால் இறங்கும். அந்தப் பாடத்தில் இரண்டே சொற்கள்தான் முக்கியம்: ஏறுகிறது, இறங்குகிறது.  வேறு பாடம் கேட்கலாமா என்று சூசான் நினைத்தாள். கேட்டால் அப்போதே தோற்ற மாதிரி.

"எழுத்துல தப்பு வராது இல்ல?" என்று மறுநாள் காலையில் அர்மான் கேட்டான்.

"எழுத்துல வராது."

"அப்ப நிறைய எழுது, கொஞ்சமாப் பேசு."

அரியாங்குப்பத்துப் பாலத்தைப் பேருந்து கடக்கும்போதும் உதட்டுக்குள் அந்த இரண்டு சொற்களையே சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

விஜயராகவன் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சூசான் கரும்பலகைக்குத் திரும்பினாள். 

"ரெண்டையும் நேரா ஒப்பிட முடியல. அதனால வித்தியாசத்த எடுப்போம்."

f(x) = eˣ − 1 − x என்று எழுதினாள். இது எங்கேயும் சைபருக்குக் கீழே போகவில்லை என்று காட்டினால் போதும். வகைக்கெழு f′(x) = eˣ − 1. பூச்சியத்தில் அது பூச்சியம். x எதிர்மம் என்றால் eˣ ஒன்றைவிடச் சின்னது, ஆக f′ எதிர்மம். x நேர்மம் என்றால் f′ நேர்மம்.

பிறகு பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய அட்டவணையைப் போட்டாள். மேலே x, நடுவில் f′-இன் குறி, கீழே f-க்கு அம்புக்குறிகள். இடது பக்கம் கீழ்நோக்கி ஓர் அம்பு, நடுவில் 0, வலது பக்கம் மேல்நோக்கி ஓர் அம்பு. திரும்பி வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆக, இடது பக்கம் f ஏறுது."

பேனாக்கள் ஓடின. சில நின்றன. முன் வரிசையில் சரிதா என்ற மாணவி பலகையைப் பார்த்தாள், தன் தாளைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள்.

"மேம், ஏறுதுன்னா பிரச்சன வருதே. ஏறி வந்து பூச்சியத்துல சைபர் ஆகுதுன்னா, அதுக்கு முன்னாடி சைபருக்குக் கீழ இருந்திருக்கணும். அப்ப eˣ சின்னதாயிடுமே?"

சூசானுக்கு முதலில் விளங்கவில்லை. இறங்குகிறது என்றல்லவா சொன்னோம்? இந்தப் பெண் ஏன் இப்படிக் கேட்கிறாள்? கடைசி பெஞ்சைப் பார்த்தாள். விஜயராகவன் தலை குனிந்திருந்தார். அந்தக் குனிவில்தான் அவளுக்கு உறைத்தது. 

"நான்... என்ன சொன்னேன்?"

 சரிதாதான் தயங்கிச் சொன்னாள், "ஏறுதுன்னு, மேம்."

மறைக்க நினைத்தால் மறைத்திருக்கலாம், 'வாய் தவறிடுச்சு' என்று ஒரு சிரிப்போடு. ஆனால் அடுத்த நிமிடமே மறுபடி தவறினால்?

"எனக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு. வார்த்த மாறி வருது. எனக்கே தெரியறதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ கேட்டது சரி. ஏறினா கணக்கே கவுந்துடும். அதனால பாருங்க."

x = −1 போட்டாள். f(−1) = e⁻¹ − 1 + 1. மிச்சம் e⁻¹, ஏறக்குறைய 0.37. அங்கிருந்து பூச்சியத்துக்கு வருகிறது. கையை இடமிருந்து வலமாகக் கீழே சரித்துக் காட்டினாள்.

"மேடம்" என்றார் விஜயராகவன் பின்னாலிருந்து. "மைனஸ் ஒண்ணு ஒரு புள்ளிதான். அத வச்சு இடது பக்கம் முழுசுக்கும் சொல்லிட முடியுமா?"

 பதில் 'முடியாது' என்பதுதான். அந்தச் சொல்லும் நாக்கில் புரண்டுவிடும் என்று தெரிந்தது. சூசான் தலையை மட்டும் இல்லையென்று அசைத்தாள். −1 கணக்கைத் தட்டினாள். "இது ஒரு எடத்துக்கு." பிறகு f′ வரிசையில் இடது பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் சுற்றிக் காட்டினாள். "இது அத்தன எடத்துக்கும்." ஆக f-க்கு மிகச் சிறிய மதிப்பு f(0), அது பூச்சியம்; x வேறு எதுவானாலும் f பூச்சியத்துக்கு மேல்.

விஜயராகவன் விடவில்லை. "ln(1 + x), x-ஐத் தாண்டாது. அதையும் போடுங்க."

g(x) = x − ln(1 + x) என்று எழுதினாள், x −1-ஐவிடப் பெரியது என்ற நிபந்தனையையும் பக்கத்தில் குறித்தாள். வகைக்கெழு x/(1 + x). இனி அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வோர் இடமாகத் தொட்டாள், வகுப்பு சொன்னது. இடது பக்கத்தில், "கீழயும் மைனஸ், மேலயும் மைனஸ், அப்ப பிளஸ்" என்று ஒரு பையன் அவசரப்பட்டான். x > −1 என்பதன் அடியில் கோடு போட்டாள். "ஆமாமா, கீழ பிளஸ்தான்" என்றான். இடது பக்கம் g′ எதிர்மம். "இறங்குது!" வலது பக்கம் நேர்மம். "ஏறுது!" நடுவில் g(0) = 0. அம்புகளை அவள் போட்டாள்.

மணி அடித்ததும் துறை அறைக்குப் போனார்கள். சூசான் உட்காரவில்லை.

"ரெண்டாவது கணக்கு பிரமாதம்" என்றார் விஜயராகவன். "ஆனா இந்த செமஸ்டர் தியரிய நானே எடுக்கறேன். வாரத்துல ரெண்டு பீரியடு, கணக்குப் போடற வகுப்பு உங்களுக்கு."

"பசங்க... கண்டுபிடிச்சாங்களே சார்."

"சரிதா கண்டுபிடிச்சா. எனக்கு முன்னாடி பெஞ்சுல ரெண்டு பேர் 'ஏறும்'னு எழுதிட்டு, தப்ப அடிச்சுத் திருத்தாமலே எழுந்து போனாங்க. நான் பாத்தேன்."

சண்டை போடத்தான் வந்திருந்தாள். அந்த இரண்டு பேரை நினைத்ததும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். நடைவழியில் நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு ஓடிப்போய் அந்த இருவரையும் கேன்டீனில் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, கீழ்நோக்கி அம்பு போட்டுக் கொடுத்தாள்.

வீட்டில் அர்மான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டே பீரியடுக்கா இந்தப் பாடு? லியோனுக்குப் போயிடலாமே" என்றான்.

"வரல" என்றாள்.

வார்த்தை மாறி வந்ததோ என்று அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். முகமும் அதையேதான் சொன்னது.

ஒரு செமஸ்டர் என்றது நீண்டு, அந்த வருஷம் முழுக்கக் கணக்கு வகுப்புதான் எடுத்தாள். பயிற்சியில் பேச்சு தேறிவந்தது, முழுதாக அல்ல. அடுத்த ஜூனில் தியரியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாளே வகுப்பிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தாள்.