பாஸ்போர்ட்டுக்கு முன்னால் கேட்டது

நான் எட்டாவதோடு நின்றவள். எதை எழுதினாலும் நாலு தடவை வாசித்துப் பார்ப்பேன், அப்புறமும் பயமாக இருக்கும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவள்தான் அந்த ஏஜென்டுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்.

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டினார். தறி பாதி நாள் நின்றது. ஷெட்டுக்கு வந்த அந்த ஏஜென்ட், துபாயில் குடோன் வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி என்று சொல்லி, போக விரும்புகிறவர்களை ஒரு வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிட்டார். தென்காசியில் ஆபீஸ் இருக்கிறது என்றார். பாஸ்போர்ட்டை உடனே அனுப்பச் சொன்னார்.

நான் தைத்துக் கொடுக்கிற நைட்டிக் கடைக்காரம்மா கடையநல்லூர்க்காரர். ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தம்பி இப்படிப் போய் சவுதியில் மாட்டி வந்தவர் என்பதால் அவரிடம் சொன்னேன்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரர் பத்தாவது பாஸா?"

"இல்ல ராத்தா, ஏழாவது."

"அப்ப பாஸ்போர்ட்ல இ.சி.ஆர்.னு இருக்கும். அப்படி இருக்கவங்க வளைகுடாவுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கம் அனுமதி கொடுக்கணும். அதுக்கு லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வேணும், வேலை கொடுக்கவன் யாருன்னு தெரியணும், சம்பளம் போட்ட ஒப்பந்தம் வேணும். மூணையும் எழுத்துல கேளு. வந்த பொறவு பாஸ்போர்ட்டைக் கொடு."

எழுதினேன். அடித்து அடித்துத் திருத்தினேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: "ஐயா வணக்கம். குடோன் வேலைக்குச் சொன்னீங்க. உங்க ஏஜென்சியோட அரசாங்க லைசென்ஸ் நம்பர் என்ன? கம்பெனி பேரு, ஊரு என்ன? சம்பளம், வேலை நேரம், தங்குற இடம் எழுதின ஒப்பந்தத்தை அனுப்புங்க. வேலை விசாவா, விசிட் விசாவா? பார்த்துட்டு பாஸ்போர்ட் அனுப்புதோம்."

பதில் எழுத்தாக வரவில்லை. குரலாக வந்தது. பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தமும் அதில் கேட்டது.

"ஏம்மா, நீ என்ன கலெக்டரா? வேலைக்கு ஆள் எடுக்கது நானா நீயா? ஒன் வீட்டுக்காரனுக்கு வாய் இல்லையா? சேலை கட்டினவ கேள்வி கேட்டு அவன் துபாய்க்குப் போகணுமாக்கும். நம்பிக்கை இருந்தா வரச் சொல்லு, இல்லன்னா தறியிலேயே கெடக்கட்டும்."

கேட்டதில் ஒன்றுக்கும் பதில் கிடையாது. ராத்தா அரசாங்க சைட்டில் அந்த ஏஜென்சி பேரைப் போட்டுப் பார்த்தார். லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியலில் அது இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"லிஸ்ட்ல இருக்கவன் ஆறு மாசம் இழுப்பான். இல்லாதவன்தான் சட்டுனு அனுப்புவான்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

அதோடு நின்றிருக்கும். மறுநாள் அந்த ஆள் நான் எழுதியதை அப்படியே குரூப்பில் போட்டுவிட்டார். கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. ஷெட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்களாம்.

"ஏலே, லைசென்ஸ் வந்துட்டான்லே!"

"அண்ணாச்சி, ஒண்ணுக்குப் போகணும்னாலும் வீட்ல எழுதிக் கேட்டுட்டுப் போரும்!"

"ஒப்பந்தம் எங்க வே? தாலி கட்டும்போது வாங்கலையோ?"

அன்றைக்குச் சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்காவது கேட்டிருக்கும். தையல் மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். என் போனை என் கையில் கொடுத்தார்.

"எழுதுட்டி."

"என்ன எழுத?"

"சார், படிக்காதவ தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க, ஒங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை. எழுது."

"இல்லீங்க, அந்த ஆளு பட்டியல்லயே..."

"எட்டாங்கிளாஸ் பட்டியல் வாசிக்காளாம். எழுதுட்டி."

எழுதினேன். பாதியில் எழுத்துத் தப்பியது. அவர் நாடியைப் பிடித்து என் முகத்தைத் திரைக்கு நேராகத் திருப்பினார். அனுப்பியதும் பீரோவைத் திறக்கச் சொன்னார். பாஸ்போர்ட்டை மெஷின் பலகையில் விரித்து, என்னையே போட்டோ எடுத்து அனுப்ப வைத்தார். பிறகு ஆதார். முதல் படம் மங்கலாக விழுந்தது.

"நைட்டிக்கு நேராத் தைக்கத் தெரியுது. புருஷன் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் கை ஆடுது" என்று சொல்லி, இன்னொன்று எடுக்க வைத்தார். ஏஜென்ட் பெருவிரல் தூக்கின பொம்மை அனுப்பினார். அவ்வளவுதான் பதில்.

அசல் பாஸ்போர்ட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து அந்த ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வந்தார். விசா வந்தது. ராத்தா பார்த்து, வேலை பார்க்க முடியாத விசிட் விசா என்றார். ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லியிருந்தான் அந்த ஆள். தறி ஓட்டுகிறவர் துபாய் சுற்றிப் பார்க்கப் போனார். புதுச் சட்டைக்கு நான்தான் பொத்தான் தைத்தேன்.

போன பிறகு குடோன் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு ஆள் கூட்டிப் போய் லாரியில் மூட்டை ஏற்றச் சொன்னானாம். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான். விசா காலம் முடிந்ததும் சம்பளத்தை நிறுத்திவிட்டான். போலீசுக்குப் போனால் நீதான் உள்ளே போவாய் என்றானாம்.

இதையெல்லாம் அவர் போனில்தான் சொன்னார். இனிமேலாவது என் பக்கம் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"ஒன்னாலதான்" என்றார்.

"என்னங்க சொல்லுதீங்க?"

"ஏஜென்ட்டு சொல்லிட்டான். கேள்வி கேட்டவன் பேரைக் கம்பெனிக்காரன் வெட்டிட்டானாம். கேக்காதவன்லாம் நல்ல எடத்துல இருக்கானாம். ஒன் நாக்கு கருநாக்குட்டி. நீ சொன்னது அப்படியே பலிச்சுட்டு."

குரூப்பிலிருந்து அவரோடு போன, கேள்வி கேட்காத இரண்டு பேரும் அதே லாரியில்தான் மூட்டை ஏற்றினார்கள். அவர்களும் அவரோடு சேர்ந்து அதையேதான் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் என்னைப் பார்த்தால் எதிரே வராமல் ஒதுங்கிப் போகிறார்கள்.

ஏஜென்டுக்கு மறுபடியும் அதே கேள்விகளை எழுதினேன். ஒரு டிக்கோடு நின்றுவிட்டது. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான்.

ராத்தா என்னை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார், அரசாங்கத்துக்குப் புகார் போட. அங்கே இருந்த பெண் டைப் அடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏஜென்ட் லைசென்ஸ் நம்பர்?"

"தெரியாதும்மா."

"வேலை கொடுத்த கம்பெனி?"

"தெரியாது."

"ஒப்பந்தம் காப்பி இருக்கா?"

"இல்ல."

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது ஒண்ணுமே கேக்காமலா அனுப்புனீங்க, அக்கா?"

போனைத் திறந்து, நான் எழுதியதைக் காட்டினேன். முகம் தெளிந்து வாசித்தாள். "இதான் வேணும். தெளிவாக் கேட்டிருக்கீங்களே" என்றாள். பிறகு விரலால் திரையைக் கீழே தள்ளினாள்.

"இது?"

தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிருங்க, முழு நம்பிக்கை. அதற்குக் கீழே பாஸ்போர்ட், ஆதார். எல்லாம் என் போனிலிருந்து, என் பேரில்.

"இதையும் சேர்த்துத்தான் அனுப்பணுமா?" என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட்டை அவனுக்கு அனுப்புனதுக்கு இதுதானே அக்கா ஆதாரம்."

"அனுப்பு" என்றேன்.

சாயந்தரம் அவர் கூப்பிட்டார். புகார் போட்டேன் என்று சொன்னேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் எழுதிட்டியாட்டி?" என்றார்.