பதினான்காம் கட்டத்துத் தோணி

என் முதல் குறும்படத்துக்குத் தோணி ஒரேயொரு காலைக்குத்தான் கிடைத்திருந்தது. அதனால் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டில் பிழை இருக்கக்கூடாதென்று, ஒளிப்பதிவு செய்யப்போகும் தோழியை ஆரையம்பதியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன்.

கதை அப்பாவுடையது. அவர் சொல்லை மீறி விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போன என் அக்காவைப் பார்க்க, ஒரு சேலைப் பொதியோடு அவர் தோணியில் வாவியைக் கடந்தாராம். வாசல் பூட்டியிருந்ததாம்; திரும்பிவிட்டார். தான் அன்று முழுக்கக் கரையில் காத்து நின்றதாக அக்கா சொன்னாள். பொய்க்காரி என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

தோழி, நான் கட்டங்களின் கீழே எழுதியதையெல்லாம் தாளால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தாள்.

“முதல் ஒன்பது கட்டத்திலயும் ஆள் இடுப்புக்கு மேலதான். வாவி எவ்வளவு பெரிசெண்டு எங்க காட்டுறாய்? துடுப்புப் பிடிக்கிற கையக் கிட்டக் காட்டு.”

பொதியைத் தூக்கும் படத்தில் சிரித்தேவிட்டாள். “முதுகுப் பக்கமா வரைஞ்சிருக்காய். வயித்தச் சொறியிற மாதிரிக் கிடக்கு. பக்கவாட்டா வரை, பொதி தெரியட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

பதினான்கிலும் பதினைந்திலும் விரலை வைத்தாள். “இவர் ஏன் பாதி வழியில திரும்பிற்றார்?”

“திரும்பல்ல! போய்க்கொண்டுதான் இருக்கார்!” என்று கத்தினேன்.

பிழை என்னுடையதுதான். ஒன்றைத் தோணிக்குத் தெற்கே நின்று பார்ப்பதாகவும் மற்றதை வடக்கே நின்று பார்ப்பதாகவும் வரைந்திருந்தேன். இரண்டிலும் தோணி மேற்கேதான் போகிறது. ஆனால் ஒன்றில் அது இடப்பக்கம் பார்த்துப் போக, அடுத்ததில் வலப்பக்கம் பார்த்துப் போனது. ஒரே பக்கத்தில் கமராவை வைத்தால் சரியாகிவிடும். பதினைந்தை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, பின்பக்கத்தில் கோடு இழுக்கத் தொடங்கினேன்.

மூலையில் கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாத்தாத மகள்.”

“பிழை அப்பா. திரும்பி வாற மாதிரித் தெரியுது.”

“ஓம். திரும்பித்தான் வந்தன். கரையில அவள் நிக்கிறது தெரிஞ்சிது. என்ன முகத்தோட போறதெண்டு... வந்திட்டன்.”

பதினைந்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்தேன். கோபம் அப்பாவிடம் போகவில்லை, அக்காவைப் பொய்க்காரி என்ற என்மேல்தான் வந்தது.

தோழி மெல்லச் சொன்னாள்: “அப்பிடியெண்டா இடையில இன்னொரு கட்டம் வேணும். தோணி திரும்புறதக் காட்டினாத்தான் பாக்கிற ஆக்களுக்கு விளங்கும்.”

துடுப்பு நிற்பதை வரைந்தேன். அடுத்து, தோணி வளைவதை. அதற்கு முன் அப்பா எதைப் பார்த்தாரென்று காட்டவேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. போனை எடுத்தேன். அக்கா உடனே எடுத்தாள்.

“அக்கா, அண்டைக்கு நீ கரையில எந்த இடத்தில நிண்ட?”

போனில் அவள் அழுகைதான் கேட்டது.